அம்மாயிக்கு எண்பது: பேரப்பிள்ளைகள் சேர்ந்து எழுதும் வாழ்த்து

கேள்வி: "எங்க அம்மாயிக்கு வர்ற மாசியில எண்பது முடியுது. அயோத்தியாப்பட்டணத்துல இருக்காங்க. பேரன் பேத்தி ஒன்பது பேரும் சேர்ந்து குடும்ப வாட்ஸப் குரூப்புல ஒரு வாழ்த்து போடணும்னு ஆசை. நாலு தடவை எழுதிட்டேன், எல்லாமே போஸ்டர் வாசகம் மாதிரிதான் வருது. அம்மாயிக்குக் கண்ணும் சரியாத் தெரியாது. எப்படி எழுதறது, எப்படி அனுப்பறது?"

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் 31 வருஷம் அச்சகம் வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகைக்கு அடுத்தபடியாக எங்களிடம் அதிகம் வந்தது வாழ்த்து மடல்தான். மணிவிழா, முத்து விழா, பணி ஓய்வு என்று கண்ணாடிச் சட்டம் போட்டு மேடையில் வாசித்துக் கொடுப்பார்களே, அது. வாசகம் இல்லாமல் வருகிறவர்களுக்கு நானே எழுதிக் கொடுப்பேன். அந்த மடலின் நடை நூறு பேர் உட்கார்ந்திருக்கும் மண்டபத்துக்கானது. நீங்களும் அந்த நடையில்தான் எழுதிப் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் குரூப்பில் நாற்பது பேர் இருக்கலாம். ஆனால் இதைக் கேட்க வேண்டியவர் அம்மாயி ஒருவர்தான். மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

எங்கள் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன், அதிலிருந்து உங்களுக்கு வேண்டியது கிடைக்கும். மூன்று வருஷத்துக்கு முன் என் பெரியம்மாவுக்கு எண்பது முடிந்தது. அவர் இருப்பது ஏற்காட்டில். கொஞ்சம் காப்பித் தோட்டம், அதில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி, ஒரு பழைய வீடு. பேரப்பிள்ளைகள் ஏழு பேர். ஒருத்தி சேலத்தில், இரண்டு பேர் கோயம்புத்தூரில், மற்றவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும். மூத்த பேத்தி ஒரு வாழ்த்து எழுதி எனக்கு அனுப்பி, பிழை பார்த்துக் கொடுக்கச் சொன்னாள். "அன்பின் இமயமே, பாசத்தின் கடலே, ஏழு விழுதுகளைத் தாங்கும் ஆலமரமே" என்று ஆரம்பித்து, "நூறாண்டு காலம் வாழ்க, வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்" என்று முடிந்தது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

நான் அவளிடம் ஒன்றுதான் கேட்டேன்: "இதை அப்படியே எடுத்துப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அனுப்பினால் பொருந்துமா, பொருந்தாதா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பொருந்தும்" என்றாள். நீங்கள் எழுதிய நான்கையும் இப்படி வரி வரியாகப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்குப் பொருந்தும் வரியை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் முழுவதும் போய்விடும், பரவாயில்லை.

அப்புறம் எதை வைத்து எழுதுவது? அது உங்கள் ஒருவரிடம் இருக்காது, ஒன்பது பேரிடமும் பிரிந்து கிடக்கும். அதனால் முதல் வேலை எழுதுவது இல்லை, போன் பண்ணுவது. ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேச வேண்டும். குரூப்பில் பொதுவாகக் கேட்டால் முதலில் ஒருவர் சொல்வதையே மற்றவர்களும் "ஆமாம், எனக்கும் அதேதான்" என்று ஒத்துக்கொண்டு போய்விடுவார்கள். "அம்மாயிகிட்ட உனக்கு என்ன பிடிக்கும்?" என்றும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பாசம், அன்பு, கைமணம் என்றுதான் பதில் வரும். நான் மூத்தவளுக்குச் சொல்லிக் கொடுத்த கேள்விகள் மூன்று. ஊருக்குப் போய் இறங்கியதும் அவர் கேட்கும் முதல் வார்த்தை என்ன? எதற்கு உன்னைத் திட்டினார்? கண்ணை மூடிக்கொண்டால் அந்த வீட்டில் என்ன சத்தம் கேட்கிறது?

இரண்டு நாளில் ஆறு பேரிடமும் பேசி ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வந்தாள். ஏழில் ஐந்து பேர் ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். சின்ன வயதில் மே மாத லீவுக்கு பஸ்ஸில் வரும்போது பாதி வளைவு ஏறுவதற்குள் ஒரு பிள்ளையாவது வாந்தி எடுத்துவிடும். மேலே வந்து இறங்கினால் பெரியம்மா நார்த்தங்காய் ஊறுகாயை வாழை இலையில் மடித்து வைத்துக்கொண்டு நிற்பார். "நல்லா இருக்கியா?" என்று கேட்க மாட்டார். "இருபதையும் எண்ணுனியா?" என்பார். எண்ணிவிட்டேன் என்கிற பிள்ளைக்கு முதல் துண்டு. எண்ணிக்கொண்டே வந்தால் கவனம் வயிற்றுக்குப் போகாது என்று அவருக்குத் தெரியும். பிள்ளைகள் அதை விளையாட்டு என்றே நினைத்திருந்தார்கள்.

தனித்தனியாகக் கேட்டும் பல பேரிடமிருந்து ஒரே விஷயம் வந்தால் அதை விடக்கூடாது. உங்கள் வாழ்த்தின் முதல் பாதி அதுதான்.

இரண்டாவது விஷயத்தை ஒரே ஒரு பேரன் சொன்னான், இருப்பதில் கடைசிப் பையன். பெரியம்மா தன் தோட்டத்துக் காப்பிக்கொட்டையைத் தானே வறுப்பார். கனமான இரும்பு வாணலி, விறகு அடுப்பு. கொட்டை பச்சையிலிருந்து மஞ்சளாகி, பழுப்பேறி, ஒரு கட்டத்தில் படபடவென்று வெடிக்கும். அந்த வெடிப்பு அடங்குகிற இடத்தில் வாணலியை இறக்கி முறத்தில் கொட்டிவிடுவார். கொஞ்சம் தாமதித்தாலும் கசந்துவிடும். வறுக்கும்போது பிள்ளைகள் யாரும் பேசக்கூடாது. "காதால வறுக்கணும்" என்பார். அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியும் ஒரு கண்ணில் பார்வை சரியாகத் திரும்பவில்லை. இன்றைக்கும் அவர் வறுக்கும் கொட்டை கருகுவதில்லை. மற்ற ஆறு பேரும் அதே அடுப்படியில்தான் உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் இதைச் சொன்னவன் இவன் ஒருவன்தான். இப்படி ஒருவருக்கு மட்டும் நினைவிருப்பதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் மற்றவர்கள் படிக்கும்போது "அட, ஆமா!" என்பார்கள்.

இந்த இரண்டோடு நிறுத்தச் சொன்னேன். நோட்டில் இன்னும் பதினைந்து, பதினாறு நினைவுகள் இருந்தன. எல்லாவற்றையும் ஒவ்வொரு வரியாகப் போட்டால் பட்டியல் ஆகிவிடும், எதுவும் மனதில் நிற்காது. மிச்சத்தை வீணாக்க வேண்டாம் என்று, அவரவர் நினைவை அவரவரே பிறகு அவருக்குப் போனில் சொல்வது என்று முடிவு செய்தோம்.

அடுத்து வந்த சிக்கல் உங்களுக்கும் வரும். எப்படிக் கூப்பிடுவது? மகள் வழிப் பிள்ளைகள் நான்கு பேருக்கு அவர் அம்மாயி. மகன்கள் வழிப் பிள்ளைகள் மூன்று பேருக்கு அப்பாயி. மூத்தவள் மகள் வழி, அதனால் அவள் எழுதியதில் முழுக்க அம்மாயி என்றே இருந்தது. அந்த மூன்று பேருக்கும் அது தங்கள் வாழ்த்தாகவே தெரியாது. பொதுவாக இருக்கட்டும் என்று 'பாட்டி' என்று போட்டால், அந்த வீட்டில் யாருமே கூப்பிடாத ஒரு பெயர் அது. இரண்டையும் சேர்த்து எழுதி, அதையே முதல் வரியாக வைத்துவிட்டோம். உங்கள் ஒன்பது பேரில் மாமன் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மரியாதையும் அப்படித்தான். நேரில் "நீங்க" என்றால் நீங்க, "நீ" என்றால் நீ. எந்தப் பேரனும் அம்மாயியைத் "தாங்கள்" என்று சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள். இதை யாராவது ஒருவர் வாசித்துக் காட்டப் போகிறீர்கள், எழுத்துத் தமிழை வாய்விட்டு வாசித்தால் ரேடியோ செய்தி மாதிரி ஆகிவிடும்.

கடைசியில் குரூப்பில் போனது இது:

"அம்மாயி, அப்பாயி,

நாலு பேர் உங்களை அம்மாயிங்கறோம், மூணு பேர் அப்பாயிங்கறோம். ஏழு பேரும் சேர்ந்துதான் இதைச் சொல்றோம்.

சேலத்துல பஸ் ஏறுனா இருபது வளைவு. பத்து தாண்டறதுக்குள்ள எங்கள்ல ஒருத்தருக்கு வாந்தி வந்துரும். மேல வந்து இறங்குனா நீங்க நார்த்தங்காயோட நிப்பீங்க. நல்லா இருக்கியான்னு கேக்க மாட்டீங்க. இருபதையும் எண்ணுனியான்னுதான் கேப்பீங்க. எதுக்கு எண்ணச் சொன்னீங்கன்னு எங்களுக்கு இப்பத்தான் புரியுது. இப்ப எங்க பிள்ளைங்களையும் எண்ணச் சொல்லித்தான் கூட்டிட்டு வர்றோம்.

காப்பிக்கொட்டை வறுக்கறப்ப எங்களைப் பேச விடமாட்டீங்க. காதால வறுக்கணும்னு சொல்லுவீங்க. கண்ணு மங்குன பிறகும் உங்க வாணலியில ஒரு கொட்டை கருகுனதில்ல.

நீங்க பெரியவன்னு கூப்பிடறவர் நட்ட மிளகுக்கொடி இந்த வருஷமும் காய்ச்சிருக்கு. முதல் கொத்தை நீங்கதான் பறிச்சுக் கொடுக்கணும்.

உங்களுக்கு எண்பது முடிஞ்சுது. ஏழு பேரும் உங்க கால்ல விழுந்து கும்பிட்டுக்கறோம். சித்திரையில காப்பி பூக்கறப்ப எல்லாரும் வர்றோம். எண்ணிக்கிட்டே வர்றோம்."

அதன் கீழே ஏழு பெயர்கள், வயது வரிசையில், வீட்டில் கூப்பிடும் பெயராகவே. பெயர்களை விட்டுவிட்டுப் பார்த்தால் தொண்ணூறு வார்த்தைக்குச் சற்றுக் கூடுதல்தான். நிதானமாக வாசித்தால் ஒரு நிமிஷம். உங்களுடையதும் அவ்வளவு இருந்தால் போதும், அதற்கு மேல் போனால் வயதானவர்களுக்குக் கேட்டுக்கொண்டிருப்பதே சிரமம்.

அந்த மிளகுக்கொடி வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியம்மாவின் மூத்த மகன் ஆறு வருஷத்துக்கு முன் தவறிவிட்டார். மூத்தவள் எழுதிய முதல் வாழ்த்தில் அவர் இல்லை. நல்ல நாளில் எதற்கு அழ வைக்க வேண்டும் என்று விட்டிருந்தாள். அவள் நினைத்ததில் தப்பில்லை, பல வீடுகளில் அப்படித்தான் விடுவார்கள். ஆனால் எண்பது வயது அம்மா தன் பிறந்தநாளன்று இல்லாத பிள்ளையை நினைக்காமல் இருக்கப் போவதில்லை. குரூப்பில் அவர் மனைவியும் மகளும் இருக்கிறார்கள். எல்லாரும் இருக்கும் வாழ்த்தில் தங்கள் ஆள் மட்டும் இல்லை என்பது அவர்களுக்கு எவ்வளவு வலிக்கும்! அதற்காக "அமரர்" என்றோ "அவர் ஆன்மா மேலிருந்து வாழ்த்தும்" என்றோ எழுதினால் அது கண்ணீர் அஞ்சலியாகிவிடும். அவர் கையால் செய்தது ஏதாவது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தேடினோம். அவர் மகள்தான் மிளகுக்கொடியைச் சொன்னாள். அந்த வரியை அவளிடம் காட்டி, அவள் சரி என்ற பிறகுதான் சேர்த்தோம். இந்த அனுமதியை மட்டும் தவற விடாதீர்கள். உங்கள் அம்மாயிக்குக் கணவரோ பிள்ளையோ இல்லாமல் போயிருந்தால், மிக நெருங்கியவரிடம் அந்த வரியை முதலில் படித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள்.

இதையொட்டி இன்னொன்று. இணையத்தில் கிடைக்கும் வாசகங்களைப் பிரதி எடுத்துப் போடும்போது "தீர்க்க சுமங்கலியாக" என்று கணவரை இழந்தவருக்கே போய்விடுகிறது. அச்சகத்தில் ஒரு தடவை நானே தடுத்து நிறுத்தியிருக்கிறேன். சதாபிஷேகம் என்ற வார்த்தையையும் பார்த்துப் போட வேண்டும். அது ஒரு சாந்தி, பல குடும்பங்களில் தம்பதியாக இருப்பவர்களுக்குத்தான் செய்கிறார்கள். உங்கள் வீட்டில் அந்தச் சடங்கு இல்லையென்றால் "எண்பது முடிஞ்சுது" என்பதே போதும். மடல் அச்சடிப்பதாக இருந்தால் முத்து விழா என்று போடலாம்.

'ஆயிரம் பிறை கண்ட' என்று எழுத ஆசைப்படுவீர்கள். அழகான சொல், ஆனால் கணக்கு இடிக்கும். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். எண்பது வருஷத்தில் 989 பௌர்ணமிதான் வருகிறது. ஆயிரம் ஆக இன்னும் பத்து மாதம் போல வேண்டும். சதாபிஷேகத்துக்கு எண்பது முடிந்த கையோடு நாள் பார்க்காமல் சில மாதம் விட்டுப் பார்ப்பதற்கும் இந்தக் கணக்குதான் அடிப்படை. குரூப்பில் பஞ்சாங்கம் பார்க்கும் ஒரு மாமா நிச்சயம் இருப்பார், அதைப் பிடித்துக்கொண்டு பேச்சு வேறு பக்கம் போய்விடும். "ஆயிரமாவது பிறைக்கும் நாங்க பக்கத்துல இருப்போம்" என்று எழுதினால் கணக்கும் சரி, அம்மாயிக்கும் பிடிக்கும்.

தேதியையும் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தத் தலைமுறைக்குப் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதி பல நேரம் வாத்தியார் போட்டது. தலைக்கு மேல் கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்டால் வயது ஆகிவிட்டது என்று சேர்த்துக்கொண்ட காலம். ஆதாரிலும் அதே தேதிதான் ஏறியிருக்கும். பெரியம்மாவுக்கு ஆதார் தேதி ஜூனில், பிறந்ததோ மாசி மாதம். ஜாதகம் இல்லையென்றால் மாதமும் நட்சத்திரமும் அவருக்கே தெரிந்திருக்கும், அவர் கொண்டாடும் நாளே பிறந்தநாள். எண்பது நடக்கிறதா, முடிகிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். முடிகிற அன்று எண்பத்தொன்று பிறந்துவிடும்.

"நூறாண்டு வாழ்க" என்பதையும் எடுக்கச் சொன்னேன். இருபது வயதுக்காரருக்கு அது எண்பது வருஷத்தைத் தருகிறது, எண்பது வயதுக்காரருக்கு எல்லை கட்டி விடுகிறது. "வாழ்த்த வயதில்லை" என்பதற்குள் இருக்கும் வழக்கம் சரியானது, பெரியவர்கள்தான் வாழ்த்த வேண்டும், சின்னவர்கள் கும்பிட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தச் சொற்றொடர் ஊர் முழுக்க ஃபிளக்ஸில் தொங்கித் தேய்ந்துவிட்டது. அதற்குப் பதிலாக, காலில் விழுந்து கும்பிடுவதை நேராகவே சொல்லிவிட்டு, அடுத்து எப்போது வருகிறோம் என்று ஒரு நாளைச் சொல்லலாம். இந்த வயதில் அவர்கள் எதிர்பார்ப்பது அதைத்தான். கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்த எட்டு, பத்து நாளில் காப்பிச் செடி கிளை முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். அந்த நாளைப் பெரியம்மா எப்படியும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருப்பார், அதோடு எங்கள் வரவையும் சேர்த்து வைத்தோம். வர முடியாத நாளைச் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் அதை நினைவில் வைத்திருப்பார்கள்.

இனி அனுப்புவது. எங்கள் உறவில் இன்னொரு வீட்டில் இதே மாதிரி நல்ல வாழ்த்து ஒன்று எழுதி, முதல் ஆளாகப் போட வேண்டும் என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போட்டார்கள். பாட்டி ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டார். காலையில் எழுந்திருப்பதற்குள் அதன் மேல் கேக் படம், ரோஜா ஸ்டிக்கர், கைகூப்பும் படம் என்று எண்பது, தொண்ணூறு வந்து குவிந்துவிட்டது. யாரும் மேலே தள்ளித் தேடிக் காட்டவில்லை. மூன்றாம் நாள் பேரன் போன் பண்ணிக் கேட்டபோது, "எழுதுனியா சாமி? பாக்கலியே" என்றார்.

அதனால் நாங்கள் இப்படிச் செய்தோம். முந்தின நாளே சித்தப்பாவிடமும் மாமாவிடமும் பேசி, காலை எட்டு மணி வரை குரூப்பில் யாரும் எதுவும் போட வேண்டாம், பிள்ளைகளுடையது முதலில் வரட்டும் என்று சொல்லி வைத்தோம். பெரியவர் ஒருவர் சொன்னால் குரூப் கேட்கும், பிள்ளைகள் சொன்னால் கேட்காது. பெரியம்மா குளித்து, சாமி கும்பிட்டு, காப்பி குடித்து முடிக்கும்போது ஏழே முக்கால். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கும்படி சேலத்துப் பேத்தி முந்தின நாள் ராத்திரியே மேலே போய்விட்டாள். எட்டு மணிக்கு எழுத்து வடிவம் போனது, அடுத்த நிமிஷமே அதன் குரல் பதிவு.

இரண்டும் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. நீளமான செய்தியை வாட்ஸப் முழுதாகக் காட்டாமல் பாதியில் Read more என்று நிறுத்திவிடும். கண் தெரியாதவருக்கு அதை அழுத்த வேண்டும் என்பதே தெரியாது. குரல் பதிவுக்கு அந்தத் தொல்லை இல்லை. எழுத்து மற்றவர்களுக்காகவும், பின்னால் எடுத்துப் பார்ப்பதற்காகவும். ஏழு பேரும் ஆளுக்கொரு வரி வாசித்து ஒட்டலாம் என்று ஒருவன் சொன்னான், முயற்சி செய்தும் பார்த்தோம். ஒருவர் குரல் சத்தமாக, ஒருவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, நடுவில் யாரோ ஒருவர் வீட்டு மிக்ஸி. காது மந்தமானவருக்குக் குரல் மாறிக்கொண்டே இருந்தால் யார் பேசுகிறார்கள் என்று பிடிப்பதற்குள் வரி போய்விடும். ஒருவரே வாசிப்பது என்று முடிவு செய்து, கடைசியில் பெயர்களை மட்டும் ஏழு பேரும் தனித்தனியே சொல்லிச் சேர்த்தோம். வாசித்தவள் மூத்தவள் இல்லை, சேலத்தில் இருப்பவள். வாரா வாரம் போனில் பேசுகிறவள், பெரியம்மாவின் காதுக்குப் பழகிய குரல். உங்கள் ஒன்பது பேரில் அம்மாயியோடு அதிகம் பேசுகிறவர் யாரோ அவரே வாசிக்கட்டும். மெத்தை, துணி நிறைந்த அறையில் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு பத்திக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுங்கள். அவர் சிரிக்கவோ கண் துடைக்கவோ அந்த இடம் வேண்டும்.

எழுத்து வடிவத்தில் படங்களை வரிக்கு வரி போடாதீர்கள், வாசித்துக் காட்டுபவருக்கு அது தடை. போட்டதும் Pin செய்துவிட்டால் வாழ்த்துகள் எத்தனை வந்தாலும் மேலே நிற்கும், முப்பது நாள் வரை வைக்கலாம். பிழை கண்ணில் பட்டால் பதினைந்து நிமிஷத்துக்குள் திருத்திக்கொள்ளலாம். பெயர் ஒன்று விட்டுப்போயிருந்தால் அந்த நேரம் உதவும். பெயர்களை மட்டும் போடுவதற்கு முன் இரண்டு பேர் எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் முன்பே பார்க்க வேண்டியது. குரூப்பில் Disappearing messages போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் உங்கள் வாழ்த்தும், அதற்கு அம்மாயி சொல்லும் பதிலும் குறித்த நாளில் அழிந்துவிடும். எங்கள் குரூப்பில் தொண்ணூறு நாள் என்று இருந்தது. யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை, எடுத்துவிட்டோம்.

பெரியம்மா குரல் பதிவை இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டாராம். மிளகுக்கொடி வரி வந்தபோது மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார் என்று பேத்தி சொன்னாள். பதில் சொல்ல வேண்டும் என்று போனைக் கேட்டு வாங்கினார். முதல் இரண்டு முறையும் விரலைச் சீக்கிரம் எடுத்துவிட்டதால் ஒரு வினாடிப் பதிவு இரண்டு வந்து விழுந்தது. மூன்றாவது முறை பேத்தி பட்டனை மேலே தள்ளிப் பூட்டிக் கொடுத்தாள். அப்படிப் பூட்டிவிட்டால் விரலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, உங்கள் அம்மாயிக்கும் அதைச் செய்து கொடுங்கள். இருபத்துமூன்று வினாடி. முதல் நான்கைந்து வினாடி மூச்சுச் சத்தம்தான். அப்புறம் சொன்னார்:

"எல்லாரும் நல்லா இருங்க சாமி. இந்த வருஷம் நார்த்தங்காய் இன்னும் போடல, அரியறதுக்குக் கையில தெம்பில்ல. நீங்க வந்து அரிஞ்சு குடுங்க, நான் உப்பு பாத்துச் சொல்றேன்."

ஏழு பேரும் அந்தப் பதிவை Star போட்டதோடு விடாமல், போனுக்கு வெளியேயும் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள். சித்திரையில் ஐந்து பேர்தான் போக முடிந்தது. மற்ற இரண்டு பேர் வைகாசியில் போனார்கள். இரண்டாவது ஜாடி அவர்கள் அரிந்தது.